‘சமூகம்’ என்ற சொல்லை அடித்துவிட்டு எழுதிப் பாருங்கள்

கேள்வி: குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாளைத் தமிழில் எழுதப்போகிறேன். இதுவரை எழுதிய நாலு பயிற்சிக் கட்டுரையிலும் ‘பொத்தாம்பொதுவாக இருக்கிறது, சான்று எங்கே?’ என்றே திருத்தியவர் எழுதியிருக்கிறார். சமூகம் சார்ந்த தலைப்பில் சான்றை எப்படிக் கொண்டுவருவது? புள்ளிவிவரங்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

மனப்பாடம் செய்தால் இன்னும் கெட்டுப்போகும். முதல் முறை இந்தத் தாளை எழுதப் போனபோது ஒரு நோட்டு நிறைய சதவீதங்களை உருப்போட்டுக்கொண்டு போனேன். பத்திக்கு ஒன்று வீதம் எல்லாவற்றையும் இறக்கிவைத்தேன். மதிப்பெண் வந்தபோது அந்தத் தாள்தான் என்னைக் கீழே இழுத்திருந்தது. வெகு நாள் கழித்து அந்தக் கட்டுரையை நினைவிலிருந்து திரும்ப எழுதிப் பார்த்தேன். எண்களை எல்லாம் எடுத்துவிட்டாலும் என் வாதத்தில் ஒரு வாக்கியம்கூட மாறவில்லை. சான்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன் என்றால், அந்தச் சான்றுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை என்றுதான் பொருள்.

அதனால் உங்கள் பிரச்சினை எண் குறைவாக இருப்பது அல்ல என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் கருத்தின் அளவுதான் பிரச்சினை. எந்தச் சான்றாலும் தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாக ஒன்றைச் சொல்லிவிட்டு, அப்புறம் அதற்குச் சான்று தேடுகிறோம். முறை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் ஒரு சான்றை நன்றாகப் பார்க்க வேண்டும். பிறகு, அது எவ்வளவு தூரம் தாங்குமோ அவ்வளவு தூரம் மட்டும் கருத்தை நீட்ட வேண்டும். இதை ஒரு தலைப்பை வைத்தே காட்டுகிறேன்.

2021 முதன்மைத் தேர்வில் வந்த கட்டுரைத் தலைப்புகளில் ஒன்று, நமக்கு நன்றாகத் தெரிந்த பழமொழிதான்: தொட்டிலை ஆட்டும் கை உலகை ஆளும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். தமிழில் எழுதுபவர் தலைப்பைத் தானே தமிழாக்கிக்கொள்ள வேண்டும். இந்தத் தலைப்பில் நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆனால் பழகிய பழமொழி என்பதாலேயே பேனா தானாக ஓடத் தொடங்கிவிடும், அதுதான் ஆபத்து. நான் திருத்திய பயிற்சித் தாள்களில் இந்தத் தலைப்புக்குப் பெரும்பாலும் இப்படித்தான் தொடக்கம் இருக்கும்:

“சமூகத்தின் முதுகெலும்பு பெண்களே. அன்றைய சமூகத்தில் பெண்கள் அடுப்பங்கரையில் அடைந்து கிடந்தனர். இன்று அவர்கள் எல்லாத் துறைகளிலும் சாதனை படைத்து வருகின்றனர். இருப்பினும், சமூகத்தில் அவர்களுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. இந்த நிலை மாற வேண்டும்.”

இதில் பொய் ஏதும் இல்லை. பிழை சொல்ல முடியாததுதான் இதன் குறை. ‘அன்று’ என்றால் எந்த ஆண்டு? ‘பெண்கள்’ என்றால் வயலில் நாற்று நட்டவளும் அதில் அடக்கமா? அவள் எந்தக் காலத்திலும் அடுப்பங்கரைக்குள் மட்டும் அடைந்து கிடந்ததில்லையே. ‘எல்லாத் துறைகளிலும்’ என்பதற்கும் ‘உரிய இடம் கிடைக்கவில்லை’ என்பதற்கும் நடுவில் ‘இருப்பினும்’ ஒன்றைப் போட்டுவிட்டால் இரண்டும் சரியாகிவிடுமா?

இங்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். ‘சமூகம்’ என்ற சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் எந்த ஊர், எந்த ஆட்கள், எந்தக் காலம் என்று எழுதுங்கள். ‘சமூகத்தில் உரிய இடம் கிடைக்கவில்லை’ என்பதில் சமூகத்தை எடுத்தால் என்ன வரும்? வீட்டிலா, சம்பளப் பட்டியலிலா, ஊராட்சி மன்றத்திலா, சொத்துப் பத்திரத்திலா? இவற்றில் எதையாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்த உடனே, அதற்கு என்ன ஆதாரம் தேவை என்பதும் தெரிந்துவிடும். எதைத் தேர்வது என்று தெரியாமல் கை நின்றால், எழுதுபவரிடம் இன்னும் கருத்தே உருவாகவில்லை என்று அர்த்தம்.

சரி, இப்போது தலைப்புக்கு வருவோம். பழமொழியை உருவகமாக எடுக்காமல், ஒரு நிமிடம் நேரடியாகவே கேட்டுப் பாருங்கள். தொட்டில் எங்கே இருக்கிறது? அதை யார் ஆட்டுகிறார்கள்? எவ்வளவு நேரம்? ஆளுவது என்றால் எங்கே, எதை? இந்த நான்கு கேள்விகளுக்கும் நமக்குக் கையெட்டும் தூரத்தில் விடை இருக்கிறது.

தொட்டில் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1992-ல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம். பெண் சிசுக்கொலை நடந்த பகுதி அது. பிறந்த பெண் குழந்தையைக் கொன்றுவிடாதீர்கள், வளர்க்க முடியாது என்றால் இந்தத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போங்கள் என்று அரசே தொட்டில்களை வைத்தது. 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் திட்டம் விரிவானது. விடப்பட்ட குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டார்கள்.

பெண்ணின் கை ஆட்டும் தொட்டில் என்று பழமொழி பேசுகிறது. இங்கே ஒரு பெண் தன் குழந்தையை அரசின் தொட்டிலில் கிடத்திவிட்டுத் திரும்பி நடக்கிறாள். இந்த ஒரு காட்சி போதும், தலைப்பைக் கேள்வி கேட்க. ‘சமூகத்தில் பெண்ணுக்கு உரிய இடம் இல்லை’ என்ற வாக்கியத்தை நீங்கள் எழுதவே வேண்டியதில்லை.

ஆனால் இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அடுத்த வரியிலேயே ‘இத்திட்டத்தால் சேலத்தில் பெண் குழந்தைகளின் விகிதம் உயர்ந்தது’ என்று எழுதிவிடுவார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் சுமார் 850 பேர்தான். 2011-ல் அது 900-ஐத் தாண்டிவிட்டது. எண் சரி. ‘இத்திட்டத்தால்’ என்ற சொல்தான் சரியில்லை. திட்டம் நடந்த அதே காலத்தில், கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பெண் குழந்தை பேரில் வைப்புத்தொகை போடும் அரசுத் திட்டமும் இருந்தது. தொண்டு நிறுவனங்கள் ஊர் ஊராக வேலை செய்தன. போதாததற்கு, 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. ஆகவே, அதற்கு முந்தைய ‘சேலம்’ வேறு நிலப்பரப்பு. 1991-ஐயும் 2001-ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுகூட முடியாது. அதோடு, பெண் குழந்தை வேண்டாம் என்ற எண்ணத்தை மாற்றாமல், அதை விட்டுவிட்டுப் போக ஒரு வசதியைத் திட்டம் செய்து கொடுத்துவிட்டது என்ற விமர்சனமும் தொடக்கத்திலிருந்தே உண்டு.

அப்படியானால் இந்தச் சான்றை வைத்து எவ்வளவு சொல்லலாம்? ‘தொட்டில் வைக்க வேண்டிய நிலைமை 1992-ல் ஒரு மாவட்டத்தில் இருந்தது, அரசே அதை ஒத்துக்கொண்டது’ என்று உறுதியாகச் சொல்லலாம். ‘2001-க்கும் 2011-க்கும் நடுவே, பல முயற்சிகள் சேர்ந்து நடந்த காலத்தில், அங்கே விகிதம் மேம்பட்டது’ என்று சொல்லலாம். அதற்கு மேல் ஒரு அடி வைத்தாலும் வழுக்கும். திருத்துபவருக்குத் தமிழ்நாடு தெரிந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். தமிழில் எழுதிய தாளைத் தமிழ் தெரிந்தவர்தான் படிப்பார்.

அடுத்த கேள்வி, தொட்டிலை எவ்வளவு நேரம் ஆட்டுகிறார்கள் என்பது. இதற்கு மிக நல்ல சான்று ஒன்று இருக்கிறது. அதையே மிகத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களும் நிறைய. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019 ஜனவரி முதல் டிசம்பர் வரை நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைச் சொல்கிறேன். ஒருவர் முந்தைய நாள் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை என்னென்ன செய்தார் என்பதை அரைமணி நேரத் துண்டுகளாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லோரிடமும். நாடு முழுவதற்குமாக இப்படி நடந்தது அதுவே முதல் முறை. அதற்கு முன் 1998-99-ல் ஆறு மாநிலங்களில் மட்டும் ஒரு முன்னோட்டம் நடந்தது, அதில் தமிழ்நாடும் ஒன்று.

அந்தக் கணக்கெடுப்பிலிருந்து எல்லோரும் எடுத்துப் போடும் எண் இதுதான்: சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ‘பெண்கள் ஆண்களைவிட மூன்று மடங்கு வேலை செய்கிறார்கள்’ என்று அடுத்த வரி வரும். தொட்டில் தலைப்பில் இதைப் போடுவதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

முதலாவது, இது தொட்டிலின் கணக்கே அல்ல. 299 என்பது சமையல், துவைத்தல், பெருக்குதல், வீட்டுக்குச் சாமான் வாங்குதல் போன்ற வேலைகளுக்கானது. குழந்தையையும் முதியோரையும் நோயாளியையும் பார்த்துக்கொள்வதற்கு அதே அட்டவணையில் தனி வரிசை உண்டு. அதில் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். உங்கள் தலைப்பு தொட்டில் என்றால் இந்த வரிசைதான் உங்களுடையது. 299 பெரிய எண் என்பதற்காக அதை எடுக்கக் கூடாது.

இரண்டாவது தவறு நுட்பமானது. இந்த நிமிடங்கள் எல்லாம், அன்று அந்த வேலையைச் செய்தவர்களுக்கு மட்டுமான சராசரி. செய்யாதவர்கள் அந்தச் சராசரிக்குள் வரவே இல்லை. வீட்டு வேலையையே எடுத்துக்கொள்வோம். அன்று ஏதாவது வீட்டு வேலை செய்த ஆண்கள் 26.1 சதவீதம். பெண்கள் 81.2 சதவீதம். அதாவது நூறு ஆண்களில் 74 பேர் அந்த 24 மணி நேரத்தில் கணக்கில் வரும் அளவுக்கு எந்த வீட்டு வேலையும் செய்யவில்லை. 97 நிமிடம் என்பது மீதி 26 பேருடையது. எல்லா ஆண்களுக்கும் பங்கிட்டால் அது 25 நிமிடமாகச் சுருங்கிவிடும். பெண்களுக்கு அதேபோலப் பங்கிட்டால் 243. மூன்று மடங்கு என்று நினைத்தது கிட்டத்தட்டப் பத்து மடங்காகிவிட்டது. எல்லோரும் போடும் எண்ணை அப்படியே போட்டவர், தன் வாதத்துக்கே குறைவு செய்துகொண்டார்.

எனக்கு இது முதன்முதலில் புரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அட்டவணையின் தலைப்பில் இருந்த ‘பங்கேற்றோர்’ என்ற ஒரு சொல்லை அதுவரை நான் படித்ததே இல்லை. அன்றிலிருந்து எந்தச் சராசரியைப் பார்த்தாலும், யாரையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டது என்றுதான் முதலில் தேடுவேன். உங்களுக்கும் அந்த ஒரு பழக்கம் போதும் என்பேன். பாதிப் பேர் எண்ணை எழுதுகிறார்கள், யாருடைய எண் என்பதை எழுதுவதில்லை.

இன்னொரு உண்மையும் இங்கே இருக்கிறது. 2024-ல் இதே கணக்கெடுப்பு இரண்டாம் முறை நடந்தது. வீட்டு வேலை செய்த பெண்களின் சராசரி 299-லிருந்து 289 நிமிடமாகக் குறைந்தது. ஐந்து ஆண்டில் பத்து நிமிடம். ‘சமூகம் வேகமாக மாறிவருகிறது’ என்று எழுத நினைத்தவரும், ‘சமூகம் மாறவே இல்லை’ என்று எழுத நினைத்தவரும் இந்தப் பத்து நிமிடத்தின் முன் சற்று நிற்க வேண்டியிருக்கும். மாற்றம் இருக்கிறது, அது இவ்வளவுதான் என்று சொல்ல முடிவதைத்தான் நான் துல்லியம் என்கிறேன். தேர்வாணையத்தின் பாடத்திட்டத்திலேயே இந்தத் தாளுக்கு, துல்லியமான வெளிப்பாட்டுக்கு மதிப்பெண் உண்டு என்றுதான் இருக்கிறது. நம்மில் பலர் அதை நல்ல மொழிநடை என்று மட்டும் புரிந்துகொள்கிறோம்.

இதுவரை பார்த்த இரண்டும் பழமொழிக்கு எதிராகவே பேசுகின்றன. கட்டுரை அப்படியே போனால் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். ‘உலகை ஆளும்’ என்ற பகுதிக்கும் நேர்மையாக ஒரு சான்று தேட வேண்டும். இங்கேதான் மாணவர்கள் வழக்கமாக இந்திரா காந்தி, கல்பனா சாவ்லா, அன்னை தெரசா என்று பெயர்களை வரிசையாக அடுக்குவார்கள். பெயரைச் சொன்னால் சான்று ஆகிவிடாது. ஒரு பெண் பிரதமரானார் என்பதிலிருந்து தொட்டில் ஆட்டும் கைகளைப் பற்றி என்ன தெரிகிறது? எதுவும் தெரியவில்லை.

நான் எடுப்பது ஊராட்சி. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களும் தலைவர் பதவிகளும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. எந்த ஊராட்சித் தலைவர் பதவி பெண்ணுக்கு என்பது ஊரின் விருப்பப்படி அமையவில்லை, சுழற்சியில் அமைந்தது. இதைப் பயன்படுத்திக்கொண்டு ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டூஃப்லோவும் மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்திலுமாக 265 ஊராட்சிகளை ஆராய்ந்தார்கள். ஆய்வு 2004-ல் வெளிவந்தது. டூஃப்லோ 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். பெண் தலைவர் இருந்த ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவாகியிருந்தது. அந்த ஊர்ப் பெண்கள் அதிகம் முறையிட்டதும் குடிநீர் பற்றித்தான். சாலை விஷயத்தில் இரண்டு மாவட்டமும் வேறுபட்டன: மேற்கு வங்கத்தில் பெண்களும் சாலை கேட்டார்கள், பெண் தலைவர்கள் சாலை போட்டார்கள். ராஜஸ்தானில் ஆண்கள்தான் அதிகம் சாலை கேட்டார்கள், பெண் தலைவர்கள் அங்கே அதில் குறைவாகச் செலவிட்டார்கள்.

சேலம் எண்ணுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். சேலத்தில் ஒரே நேரத்தில் பல காரணங்கள் கலந்திருந்தன, எதனால் எது என்று பிரிக்க முடியவில்லை. இங்கே, எந்த ஊருக்குப் பெண் தலைவர் என்பது ஊரின் குணத்தைச் சார்ந்து அமையவில்லை. ‘முற்போக்கான ஊர் என்பதால் பெண்ணைத் தேர்ந்தெடுத்தது, முற்போக்கான ஊர் என்பதால் குழாயும் போட்டது’ என்று சொல்ல வழியில்லை. ஆகவே இங்கே ‘பெண் தலைமையால்’ என்று தைரியமாக எழுதலாம். சேலத்துக்கு ‘அந்தக் காலத்தில்’ என்றும் இதற்கு ‘அதனால்’ என்றும் எழுதும் மாணவரைப் பார்த்தால், திருத்துபவருக்கு அவர் மேல் தானாகவே ஒரு நம்பிக்கை வரும். ஆனாலும் இது இரண்டு மாவட்டங்களின் கதைதான். ‘பெண்கள் ஆண்டால் நாடு செழிக்கும்’ என்று இதை ஊதிப் பெருக்கக் கூடாது.

இந்த மூன்றையும் பார்த்த பிறகு என் கருத்தே மாறிவிட்டது, அதுதான் நடக்க வேண்டியதும். தொடக்கத்தில் என்னிடம் இருந்தது ‘பெண்களுக்கு உரிய இடம் இல்லை’ என்ற பொதுவான வருத்தம். இப்போது சொல்லக்கூடியது இது: தொட்டில் ஆட்டுவதால் ஆட்சி வந்துவிடவில்லை, பதவியைச் சட்டம் கையில் கொடுத்த இடத்தில்தான், தொட்டிலருகே நின்று தெரிந்துகொண்ட தேவைகள் செலவுக் கணக்கில் ஏறின. இதை ஒருவர் மறுக்கலாம், மறுக்க முடிவதால்தான் இது கருத்து. ‘முதுகெலும்பு’ வாக்கியத்தை யாரும் மறுக்கவும் முடியாது, ஏற்பதற்கும் அதில் ஒன்றுமில்லை.

எழுதும்போது அது பத்தியாக எப்படி விழும் என்று கேட்பீர்கள். நடுப் பத்தி ஒன்றை எழுதிக் காட்டுகிறேன்:

“2019-ல் நாடு முழுவதும் எடுத்த நேரக் கணக்கு, பழமொழி சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. வீட்டிலுள்ள குழந்தைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்ளும் வேலையை ஒரு நாளில் நூற்றில் 28 பெண்கள் செய்தார்கள், 14 ஆண்கள் செய்தார்கள். செய்த பெண்ணுக்கு அது இரண்டேகால் மணி நேரம், செய்த ஆணுக்கு ஒன்றேகால் மணி நேரம். சமையலும் துவைப்பும் இதில் சேரவில்லை, அவை தனிக் கணக்கு. இந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. இந்த வேலையைச் செய்து முடித்தவளுக்கு ஊர்க் கூட்டத்துக்குப் போக நேரமும் மிஞ்சுவதில்லை என்றால், அவள் கை தொட்டிலை ஆட்டுகிறது என்பது அவள் ஆளுவதற்குக் காரணமாகாது. ஆள முடியாமல் போவதற்குக்கூட அது காரணமாகலாம். அப்படி ஆகாத இடங்களும் உண்டு. 1993-க்குப் பிறகு தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பீர்பூம், உதய்பூர் ஊராட்சிகளில்…”

இந்தப் பத்தியில் எண்கள் நான்குதான். 27.6-ஐ 28 ஆக்கினேன், 134 நிமிடத்தை இரண்டேகால் மணி ஆக்கினேன். பேச்சில் எப்படிச் சொல்வோமோ அப்படி. தேர்வறையில் சரியான எண் மறந்துபோனாலும் ‘நூற்றில் கால்வாசிக்குச் சற்று மேல்’ என்று எழுதினால் உண்மை கெடாது. ஆனால் மறந்துவிட்டதே என்று 34.7 என ஒன்றை இட்டுக்கட்டினால் கெட்டுவிடும். ‘போகிறாள்’ ‘போகவில்லை’ என்று அடித்துச் சொல்லாமல் ‘மிஞ்சுவதில்லை என்றால்’, ‘ஆகலாம்’ என்று எழுதியிருப்பதையும் பாருங்கள். நேரக் கணக்கு ஊர்க் கூட்டத்தைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்லவில்லை. அந்தப் படி என்னுடைய ஊகம். அது ஊகம்தான் என்று வாக்கியமே காட்டிக்கொடுக்க வேண்டும்.

‘ஆய்வுகள் கூறுகின்றன’ என்ற சொற்றொடரைக் கண்டாலே எனக்கு மனம் நொந்துவிடும். எந்த ஆய்வு, எங்கே, எப்போது என்ற மூன்றில் ஒன்றாவது வாக்கியத்துக்குள் இருக்க வேண்டும். மூன்றும் தெரியாவிட்டால் அந்த வரியை விட்டுவிடுங்கள். குறளுக்கும் பாரதிக்கும்கூட ஒரு எல்லை உண்டு. அவர்களை மேற்கோள் காட்டினால் அந்தக் கருத்து நம்மிடம் எப்போதிருந்து இருக்கிறது என்று தெரியும். உண்மையில் என்ன நடக்கிறது என்பதற்கு அவர்களைச் சாட்சியாக நிறுத்த முடியாது.

சொந்த வாழ்க்கையை எழுதலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எழுதலாம், தாராளமாக. என் பாட்டி எங்கள் தெருவில் குழாய் வரும் முன் அதிகாலை மூன்று மணிக்கு ஊர்ப் பொதுக் கிணற்றுக்குப் போவார். வீட்டில் எல்லோரும் எழும்போது நாலு குடம் நிரம்பியிருக்கும். இதைக் கட்டுரையில் எழுதினால், பீர்பூம் குடிநீர்ச் செலவுக்கு ஒரு முகம் கிடைத்துவிடும். ஆனால் என் பாட்டி எல்லாப் பாட்டிகளுக்கும் சான்றாக மாட்டார். அவரை ‘இப்படித்தான் நம் கிராமங்கள்’ என்று பெருக்காமல், ‘எங்கள் தெருவில்’ என்றே விட்டுவிட வேண்டும். ஒரு தனி அனுபவத்தையும் ஒரு கணக்கெடுப்பையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்.

தயாரிப்புக்கு வருகிறேன். இருநூறு சதவீதம் வேண்டாம். பதினைந்து விஷயங்களை இதுபோல உள்ளே போய்த் தெரிந்துகொண்டால் போதும். நேரக் கணக்கெடுப்பு ஒன்றே பெண், குடும்பம், உழைப்பு, வளர்ச்சி, பொருளாதாரம் என்று ஐந்தாறு தலைப்புகளுக்கு உதவும். மதிய உணவுத் திட்டத்தை இதேபோலப் படியுங்கள்: 1956-ல் காமராசர் காலத்தில் தொடங்கிய கதை, 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தது, 2001-ல் எல்லா மாநிலங்களும் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கல்வி, சாதி, பசி, அரசின் பொறுப்பு, மாநிலம் வழிகாட்டி நாடு பின்தொடர்வது என்று எந்தப் பக்கம் திருப்பினாலும் அது பேசும். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, நான்கு வரி எழுதி வைப்பேன்: யார் எண்ணினார்கள், யாரை எண்ணினார்கள், எந்த ஆண்டு, இது எதைச் சொல்லாது. கடைசி வரிதான் முக்கியம். அந்த வரி காலியாக இருந்தால் அந்தச் சான்றைத் தேர்வுக்குக் கொண்டுபோக மாட்டேன்.

தேர்வில் மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 1,000 முதல் 1,200 சொல். ஒரு கட்டுரைக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், முதல் இருபது நிமிடம் எழுதாதீர்கள். கடைசிப் பக்கத்தில் தலைப்பின் ஒவ்வொரு சொல்லையும் கேள்வியாக மாற்றுங்கள், எந்தச் சான்று எந்தக் கேள்விக்கு என்று கோடு போட்டு இணையுங்கள். 1,200 சொல்லில் மூன்று சான்றுகள், மிஞ்சினால் நான்கு, நிதானமாக உட்கார இடமிருக்கும். ஏழு வந்தால் எல்லாமே நின்றுகொண்டுதான் இருக்கும்.

அந்த நாலு பயிற்சிக் கட்டுரைகளில் ஒன்றை எடுத்து, ‘சமூகம்’ வரும் இடங்களை எல்லாம் அடித்துவிட்டு, யார், எங்கே, எப்போது என்று நிரப்பி மீண்டும் எழுதுங்கள். அதைத் திருத்தியவரிடமே திரும்பக் காட்டுங்கள். எந்த வாக்கியத்தின் ஓரத்தில் அவர் கேள்விக்குறி போடுகிறார் என்று பாருங்கள். இந்த முறை அந்தக் கேள்விக்குறி உங்கள் சான்றின் மேல் விழுந்தால், ‘அப்படியா? இதை நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?’ என்று அவர் கேட்டால், பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.